அந்த ஒரு கதையை எடுத்துவிட்டு வாழ்த்துப் பேச்சைத் திருத்துவது எப்படி?

கேள்வி: என் உயிர் நண்பனுக்கு அடுத்த வாரம் கல்யாணம். வரவேற்பில் நண்பர்கள் சார்பாக நான்தான் வாழ்த்திப் பேசுகிறேன். பேச்சின் உயிரே காலேஜ் கதை ஒன்றுதான். அவன் ஒரு பெண்ணுக்கு எழுதிய காதல் கடிதத்தை மறந்துபோய் லேப் ரெக்கார்டுக்குள் வைத்துக் கொடுத்துவிட்டான், சார் அதை வகுப்பில் சத்தமாகப் படித்தார், இவன் அழுதேவிட்டான். எங்கள் கேங்கில் இப்போது சொன்னாலும் விழுந்து விழுந்து சிரிப்போம். ஆனால் நேற்று அவன், "டேய், அந்தக் கதை மட்டும் வேண்டாம்டா" என்று சொல்லிவிட்டான். அதை எடுத்தால் பேச்சு உப்புச் சப்பில்லாமல் போகிறது. காமெடி குறையாமல் எப்படி மாற்றுவது? முழுப் பேச்சையும் அனுப்பியிருக்கிறேன்.

பதில்:

எடுத்துவிடுங்கள். பெயரை மாற்றிச் சொல்லலாமா, பாதி சொல்லலாமா, அழுத இடத்தை மட்டும் விட்டுவிடலாமா என்றெல்லாம் பார்க்க வேண்டாம். மற்றதையெல்லாம் உங்கள் இஷ்டத்துக்கு விட்டுவிட்டு ஒன்றே ஒன்றைத்தான் அவர் கேட்டிருக்கிறார். தவிர, இந்தக் கதையில் இன்னொரு பெண்ணும் இருக்கிறார். அவரைக் கேட்காமல் அவருடைய பழைய விஷயத்தை ஒரு மண்டபம் முழுக்கச் சொல்ல உங்களுக்கும் உரிமை இல்லை, மாப்பிள்ளைக்கும் இல்லை.

சரி, இப்போது வேலைக்கு வருவோம். கடிதக் கதை வரும் பத்தியைச் சத்தமாகப் படித்துப் பார்த்தேன். உங்கள் கேங் அதில் மூன்று இடங்களில் சிரித்திருக்கும். காதல் கடிதத்தை லேப் ரெக்கார்டு மாதிரியே நோக்கம், செயல்முறை, முடிவு என்று தலைப்புப் போட்டு அவர் எழுதியிருந்தார் என்ற இடத்தில் முதல் சிரிப்பு. அதில் இருந்த எழுத்துப் பிழைகளை சார் சிவப்பு மையில் திருத்திக் கொடுத்தார் என்பது இரண்டாவது. மூன்றாவது, அவர் அழுதது. இந்த மூன்றும் ஒரே ரகமில்லை. முதலாவது அவருடைய குணத்தைப் பார்த்து வரும் சிரிப்பு. எதைத் தொட்டாலும் திட்டம் போட்டு, பட்டியல் போட்டு, வரிசைப்படுத்திச் செய்கிற மனுஷன், காதலைக்கூட அப்படித்தான் செய்திருக்கிறார். இரண்டாவது சார் அடித்த சிக்ஸர், மாப்பிள்ளைக்கு அதில் பங்கில்லை. மூன்றாவது அவமானப்பட்ட ஒருவரைப் பார்த்து வருகிற சிரிப்பு. கூட உட்கார்ந்து அதைப் பார்த்தவர்கள், அன்றைக்கே அவரைத் தோளில் தட்டித் தேற்றியவர்கள், இதற்குச் சிரிக்கலாம். பெண்ணின் பெரியப்பாவுக்கு அந்த உரிமை கிடையாது, அவருக்குச் சிரிப்பும் வராது.

ஆக நீங்கள் காப்பாற்ற வேண்டியது முதல் சிரிப்பை மட்டும்தான். அது அந்தக் கதையின் சொத்தும் இல்லை, உங்கள் நண்பரின் குணம். குணம் ஒரு கதையோடு நின்றுவிடாது, வேறு பத்து இடத்தில் வெளிப்பட்டிருக்கும். அதனால்தான், "அவர் இப்படி ஓவராகத் திட்டம் போட்டு சொதப்பிய வேறு சம்பவம் ஏதாவது இருக்கிறதா?" என்று உங்களுக்கு எழுதிக் கேட்டேன். "வேறு காமெடிக் கதை இருக்கிறதா?" என்று பொதுவாகக் கேட்டிருந்தால் யோசித்து யோசித்து இன்னொரு மானம்போகிற கதையைத்தான் அனுப்பியிருப்பீர்கள், ஏனென்றால் நண்பர்கள் கூட்டத்தில் அதிகம் சுற்றுவது அந்த மாதிரிக் கதைகள்தான். குணத்தைச் சொல்லிக் கேட்டதும் இரண்டு நல்ல விஷயம் வந்தது. ஒன்று, நீங்கள் வீடு மாறியபோது அவர் சாமான் கட்டிக் கொடுத்தது. இன்னொன்று, பெண்ணை முதன்முதலில் சந்தித்துவிட்டு வந்த அன்று பைக்கை மறந்துவிட்டு வந்தது. இரண்டாவதை நீங்கள் ஒரே வரியில் "பி.கு." போட்டு எழுதியிருந்தீர்கள். முழுப் பேச்சிலும் அதைவிட நல்ல சரக்கு இல்லை.

முதலில் சாமான் கட்டிய கதை. நீங்கள் எழுதி அனுப்பியது இது:

"நான் வீடு மாறும்போது எல்லாப் பெட்டிக்கும் நம்பர் போட்டு எதுல என்ன இருக்குன்னு ஒரு நோட்டுல எழுதினான், ஆனா கடைசியில அந்த நோட்டையும் ஒரு பெட்டிக்குள்ள வச்சு ஒட்டிட்டான், அதனால எதுவுமே கண்டுபிடிக்க முடியல, ஒரே காமெடியா போச்சு."

சம்பவம் பிரமாதம், ஆனால் இப்படிச் சொன்னால் யாரும் சிரிக்க மாட்டார்கள். நோட்டு பெட்டிக்குள் போன ரகசியம் வாக்கியத்தின் நடுவிலேயே வெளியே வந்துவிடுகிறது, அதற்கு அப்புறமும் நீங்கள் பேசிக்கொண்டே போகிறீர்கள். கேட்பவர் சிரிக்க வாயைத் திறக்கும்போது நீங்கள் விளக்கம் சொல்லிக்கொண்டிருப்பீர்கள். அதோடு "ஒரே காமெடி" என்று நீங்களே சொல்லிவிட்டால் கூட்டத்துக்கு என்ன வேலை மிச்சம்? இதையே இப்படி மாற்றியிருக்கிறேன்:

"நான் வீடு மாறினப்போ மாப்பிள்ளைதான் வந்து சாமான் கட்டிக் குடுத்தான். மொத்தம் 14 பெட்டி. ஒவ்வொன்னுக்கும் நம்பர். எந்த நம்பர்ல என்ன இருக்குன்னு ஒரு நோட்டு போட்டான். ஸ்பூன் எத்தனைன்னுகூட எழுதியிருந்தான். புது வீட்டுக்குப் போய் இறங்கியாச்சு. ராத்திரி ஆயிடுச்சு, போர்வை வேணும். 'நோட்டு எங்கடா?'ன்னு கேட்டேன். 'பெட்டியில பத்திரமா இருக்குடா'ன்னான். 'எந்தப் பெட்டியில?' அவன் ரொம்ப நேரம் யோசிச்சான். அப்புறம் சொன்னான்... 'அது நோட்டுல இருக்கு.'"

கடைசி வரியைப் பாருங்கள். அது வந்தவுடன் கதை முடிந்துவிடுகிறது, அதற்குப் பின்னால் ஒரு சொல்கூட இல்லை. அங்கே நீங்கள் வாயை மூடிக்கொண்டு நிற்க வேண்டும். சிரிப்பு எழும்பி, உச்சிக்குப் போய், இறங்க ஆரம்பிக்கும்போதுதான் அடுத்த வாக்கியத்தை எடுக்க வேண்டும். மேடையில் அந்த இரண்டு மூன்று விநாடி ஒரு யுகமாகத் தெரியும், பயத்தில் நடுவிலேயே பேசத் தொடங்கிவிடுவீர்கள். அப்படித் தொடங்கினால் சிரிக்கிறவர்கள் உங்கள் பேச்சைக் கேட்பதற்காகச் சிரிப்பை நிறுத்திவிடுவார்கள்.

தமிழில் நகைச்சுவை எழுதும்போது இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நம் வாக்கியம் வினையில் போய் முடிவதால் சிரிப்பு வர வேண்டிய சொல் அதற்கு முன்னாலேயே வந்துபோய்விடும். "எந்தப் பெட்டியில் நோட்டு இருக்கிறது என்பதையும் நோட்டில்தான் எழுதி வைத்திருந்தான்" என்று எழுதினால் "நோட்டில்தான்" என்பதில் வெடி வெடித்துவிட்டது, "எழுதி வைத்திருந்தான்" அதன் மேல் தண்ணீர் ஊற்றுகிறது. அதனால்தான் விஷயத்தை உரையாடலாக மாற்றி, அவர் வாயிலிருந்தே சின்னதாக வரவைத்தேன். உங்கள் பேச்சில் சிரிப்பு எதிர்பார்க்கிற ஒவ்வொரு இடத்தையும் இப்படிப் பாருங்கள். முக்கியமான சொல்லுக்கு அப்புறம் எத்தனை சொல் தொங்கிக்கொண்டிருக்கிறது? ஒன்றிரண்டுக்கு மேல் இருந்தால் வாக்கியத்தை உடைத்து எழுதுங்கள், அல்லது உரையாடலாக்குங்கள்.

14 பெட்டி, ஸ்பூன், போர்வை என்று கதையில் நான் விட்டுவைத்த விவரமெல்லாம் நான் தனியாகக் கேட்டதற்கு நீங்கள் அனுப்பியதுதான், ஒன்றையும் நான் சேர்க்கவில்லை. "நிறைய பெட்டி" என்றால் கேட்பவர் கண்ணில் எதுவும் வராது. ஸ்பூனை எண்ணினார் என்றதும் ஆளே தெரிந்துவிடுகிறார்.

இனி பைக். இதை நீங்கள் "அவளைப் பார்த்துட்டு வந்த அன்னைக்கு பைக்கை மறந்துட்டு பஸ்ல வந்தான்" என்று மட்டும் எழுதியிருந்தீர்கள். பெட்டிக் கதைக்கு நேர் பின்னால் இது வந்தால் எவ்வளவு வேலை செய்யும் என்று பாருங்கள்:

"இப்படிப்பட்ட ஆளு, ஒருநாள் சாயங்காலம் தங்கச்சியை முதல்முதலா பார்த்துப் பேசிட்டு வர்றேன்னு கிளம்பினான். பைக்ல போனான். ராத்திரி வந்தான். முகமெல்லாம் சிரிப்பு. 'எப்படிடா வந்தே?'ன்னு கேட்டேன். 'பஸ்லதான்'ன்னான். 'அப்ப பைக்?' அன்னைக்குத்தான் இவன் முழிச்சதை நான் முதல்தடவை பார்த்தேன். ஸ்பூனை எண்ணி எழுதின மனுஷன், பைக்கை விட்டுட்டு வந்துட்டான். எனக்கு அப்பவே தெரிஞ்சுபோச்சு, இது கல்யாணத்துலதான் முடியும்னு."

இதுவும் மாப்பிள்ளை அசடு வழிந்த கதைதான், கடிதக் கதையும் அதேதான். அப்படியிருக்க இதைச் சொல்லலாம், அதைச் சொல்லக் கூடாது என்று எப்படிப் பிரிக்கிறேன் என்று நீங்கள் கேட்கலாம். கடிதக் கதையில் அவர் அசடு வழிந்தது வேறொரு பெண்ணுக்காக, அதை வேடிக்கை பார்த்தது ஒரு வகுப்பு, அதில் அவர் தோற்றுப்போனார். பைக் கதையில் அவர் தடுமாறியது பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்காக. கூட்டம் மாப்பிள்ளையைப் பார்த்துச் சிரிக்கும்போதே மணப்பெண்ணுக்கு ஒரு பெருமை வந்து சேர்கிறது. வாழ்த்துப் பேச்சில் சேர்க்கிற எந்தக் கதையையும் இப்படி எடை போட்டுப் பார்க்கலாம்: சிரிப்பு அடங்கியதும் மாப்பிள்ளையும் பெண்ணும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்களா, இல்லை ஒருவர் தரையைப் பார்ப்பாரா?

உங்கள் முதல் வடிவத்தில் மணப்பெண் கடைசி வரியில்தான் வந்தார், அதுவும் "இவனை நல்லா பார்த்துக்கோங்க" என்று ஒரு பொறுப்பை ஏற்றுக்கொள்வதற்காக. கடிதக் கதை போனதில் கிடைத்த லாபம், அவர் பேச்சுக்குள்ளேயே வந்துவிட்டார்.

அடுத்தது, பலரும் கோட்டை விடுகிற இடம். கதையை எடுத்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள், ஆனால் அதன் வேர்கள் பேச்சு முழுக்க ஓடியிருக்கும். உங்கள் பேச்சில் மூன்று இடத்தில் இருக்கிறது. தொடக்கத்தில் "ரெக்கார்டு பிரேக் பண்ணினவன்" என்று ஒரு சிலேடை. நடுவில் "சிவப்பு மை பார்த்தாலே இன்னைக்கும் இவனுக்கு உதறும்" என்று ஒரு வரி. முடிவில் "இனிமே லெட்டர் எழுதினா சரியான அட்ரஸ்ல போடுடா" என்று முத்தாய்ப்பு. கதை இல்லாமல் இவை யாருக்கும் புரியாது, புரிந்த பத்துப் பேருக்கு அந்தக் கதையே ஞாபகம் வரும். மூன்றையும் அடித்துவிடுங்கள். நோக்கம், செயல்முறை, முடிவு என்ற தலைப்புகளை மட்டும் வைத்துக்கொண்டு வாழ்த்தை முடிக்கலாமே என்று எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது, கேட்க அழகாக இருக்கும். ஆனால் உங்கள் வகுப்பில் இருந்த யாரோ ஒருவர் பின்வரிசையிலிருந்து "அந்த லெட்டர்!" என்று கத்தினால் போதும், எடுத்ததெல்லாம் வீண். அதனால் அதையும் விட்டுவிட்டேன்.

அதைவிட மோசமான ஒன்று இருக்கிறது. "ஒரு கதை இருக்கு, ஆனா மாப்பிள்ளை சொல்லக் கூடாதுன்னுட்டான்" என்ற வரி. மேடை ஏறியதும் நாக்கின் நுனியில் வந்து நிற்கும், சொன்னால் நிச்சயம் ஒரு சிரிப்பும் வரும். தயவுசெய்து சொல்லாதீர்கள். என்ன கதை என்று தெரியாதவர்கள் உண்மையில் நடந்ததைவிடப் பெரிதாகக் கற்பனை செய்துகொள்வார்கள், மணப்பெண்ணும் அன்று இரவே அவரைக் கேட்பார். ஒரு காதல் கடிதம் ரெக்கார்டுக்குள் போனதைவிட, சொல்லக் கூடாத கதை ஒன்று இருக்கிறது என்பது பெரிய தலைவலி.

தொடக்கத்தையும் மாற்றியாக வேண்டும். "இவனைப் பத்திச் சொல்லணும்னா நாள் பூரா சொல்லலாம்" என்பது எந்த நண்பனைப் பற்றியும் யாரும் சொல்கிற வரி. ஆனால் மெயிலில் போகிற போக்கில் ஒன்று எழுதியிருந்தீர்கள், நான்கு நிமிஷத்துக்கு மேல் பேசாதே என்று மாப்பிள்ளை மெசேஜ் அனுப்பி, ரிமைண்டரும் வைக்கச் சொன்னார் என்று. அதுதான் தொடக்கம்:

"வணக்கம். மாப்பிள்ளையும் நானும் 11 வருஷமா ஃபிரெண்ட்ஸ். எனக்கு 4 நிமிஷம்தான் டைம். குடுத்தது மண்டபத்துக்காரங்க இல்ல, மாப்பிள்ளை. மெசேஜ்ல. ரிமைண்டரோட."

ஆள் எப்படிப்பட்டவர் என்று முதல் அரை நிமிஷத்திலேயே, அவரைத் தெரியாதவர்களுக்கும் தெரிந்துவிடுகிறது. அப்புறம் பெட்டிக் கதை சொல்லும்போது "இவன் ரொம்ப பிளான் பண்ற ஆளு" என்று முன்னுரை போட வேண்டியதில்லை. கடிதக் கதைக்கு எவ்வளவு முன்னுரை தேவைப்பட்டது என்று யோசித்துப் பாருங்கள். சார் யார், ரெக்கார்டு என்றால் என்ன, அந்தப் பெண் யார் என்று எல்லாம் விளக்கிய பிறகுதான் சிரிப்புக்கே வர முடிந்தது. உங்கள் கேங்குக்கு அது தேவையில்லை, மண்டபத்தில் இருக்கும் மற்றவர்களுக்குத் தேவை. அதனால் பெட்டிக் கதைக்கு உங்கள் நண்பர்கள் பழைய அளவுக்கு விழுந்து புரள மாட்டார்கள், ஆனால் மண்டபம் முழுக்கச் சிரிக்கும். எனக்கு இந்தக் கணக்கு சரியாகவே படுகிறது.

பைக் கதைக்கும் முடிவுக்கும் நடுவில் ஒரு இடத்தில் சிரிப்பை நிறுத்த வேண்டும். உங்கள் அப்பா ஆஸ்பத்திரியில் இருந்தபோது அவர் மாத்திரை நேரத்தையெல்லாம் ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டினார் என்று நீங்கள் எழுதிய பத்தி அங்கே வரட்டும். அதில் ஒரு எழுத்தைக்கூட மாற்றவில்லை. இவ்வளவு நேரம் கிண்டல் செய்த அதே குணம்தான் அங்கே உங்களைத் தாங்கியது, அதைக் கேட்பவர்களே புரிந்துகொள்வார்கள், நீங்கள் எடுத்துச் சொல்ல வேண்டாம். அதை முடித்து ஒரு மூச்சு விட்டுவிட்டு, பெட்டிக்குத் திரும்பி வாருங்கள்:

"தங்கச்சி, உனக்கு ஒன்னே ஒன்னு சொல்றேன்மா. புது வீட்டுக்குப் போகும்போது சாமானையெல்லாம் இவனே கட்டட்டும், நல்லா கட்டுவான். நோட்டை மட்டும் நீ கையில வச்சுக்கோம்மா. ரெண்டு பேரும் நல்லா இருங்க."

இந்த வாக்கியத்துக்கு மேல் எதையும் சேர்க்காமல் மைக்கைக் கொடுத்துவிடுங்கள். அவரை நீங்கள் தங்கச்சி என்று கூப்பிடுவதாக எழுதியதால் அப்படியே வைத்திருக்கிறேன். அன்று மேடையில் பெரியவர்கள் முன்னால் "நீ" சங்கடமாக இருக்குமென்றால் "நீங்க வச்சுக்கோங்க" என்று மாற்றினாலும் வேகம் குறையாது.

வீட்டில் நின்றுகொண்டு, சத்தமாக, போனில் ஸ்டாப்வாட்ச் ஓடவிட்டுச் சொல்லிப் பாருங்கள். வாய்க்குள் முணுமுணுத்தால் நேரம் சரியாகத் தெரியாது. மூன்று நிமிஷம் சுமாருக்கு வந்தால் போதும், மிச்சத்தைச் சிரிப்பும் கைதட்டலும் எடுத்துக்கொள்ளும். மூன்றரையைத் தாண்டினால் பெட்டிக் கதையில் கை வைக்காமல் கல்லூரி, ஹாஸ்டல் பற்றிய பொதுவான வரிகளை வெட்டுங்கள். யாரிடமாவது சொல்லிக் காட்டுவதென்றால் உங்கள் கேங்கில் உள்ளவரிடம் வேண்டாம், அவர்கள் பாதிக் கதையைத் தாங்களே நிரப்பிக்கொள்வார்கள். மாப்பிள்ளையைப் பார்த்தே இராத ஒருவரிடம் சொல்லுங்கள். "அது நோட்டுல இருக்கு" என்றதும் அவர் சிரித்துவிட்டால் மண்டபமும் சிரிக்கும். "எது?" என்று கேட்டால், பெட்டிகளுக்கு நம்பர் போட்ட இடத்தை வேகமாகக் கடந்திருக்கிறீர்கள், அங்கே நிதானமாகச் சொல்லுங்கள்.

கல்யாணத்துக்கு முன்னால் இரண்டு பேச்சு வார்த்தை பாக்கி. கேங் குரூப்பில் அவர் இல்லாத குரூப்பாகப் பார்த்து, லெட்டர் மேட்டரை அன்றைக்கு யாரும் எடுக்க வேண்டாம், கீழே இருந்து குரல் கொடுக்கவும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். காரணம் கேட்டால் "அவன் கேட்டுக்கிட்டான்" என்பது போதும். அப்புறம் மாப்பிள்ளைக்கு ஒரு போன். பேச்சைப் படித்துக் காட்ட வேண்டாம், பெட்டியும் பைக்கும் அவருக்கே புதுசாக இருக்கட்டும். "அந்தக் கதையை எடுத்துட்டேன்டா, அதைப் பத்தி ஒரு வார்த்தைகூட வராது" என்று மட்டும் சொல்லுங்கள். சொல்லாமல் விட்டால் நீங்கள் மைக்கைப் பிடித்த நிமிஷத்திலிருந்து எப்போது அந்தக் கதை வருமோ என்று அவர் வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார், இவ்வளவு கஷ்டப்பட்டுத் திருத்திய பேச்சு ஒன்றும் அவர் காதில் விழாது. இன்றைக்கே கூப்பிட்டுச் சொல்லிவிடுங்கள்.